ஊராட்சி மன்றமும் எழுத்தரும்: அங்கதக் கதை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓர் ஊராட்சி மன்றம் ஒன்றை ஒன்று மிஞ்சும் விசித்திர விதிகளாகப் போட்டுக்கொண்டே போகிறது. அதையெல்லாம் நடைமுறைப்படுத்த வேண்டியவர் ஒரே ஒரு எழுத்தர். இந்தக் கருவை வைத்துக்கொண்டு கதை எழுத உட்கார்பவர்கள் பலர். பாதியில் விட்டுவிடுபவர்களும் பலர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

முதல் விதியே சிரிப்பு வருகிற மாதிரி இருக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் விதியைப் படித்ததும் வாசகர் "சரிதானே, போட வேண்டியதுதான்" என்று தலையாட்ட வேண்டும். அந்தத் தலையாட்டல்தான் கதைக்கு முதலீடு. அவரும் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர் ஆகிவிடுகிறார். பின்னால் நடக்கும் கூத்து எதையும் அவர் வெளியே நின்று வேடிக்கை பார்க்க முடியாது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் முழுக்க இதையே பின்தொடரலாம். இரவு வேலை முடிந்து விடிகாலையில் வந்து படுக்கும் ஒருவர் மன்றத்துக்கு மனு கொடுக்கிறார்: பக்கத்து வீடுகளின் சேவல்கள் நாலு மணிக்கே கூவத் தொடங்கிவிடுகின்றன, தூங்க முடியவில்லை. நியாயமான மனு. மன்றம் கூடுகிறது, தீர்மானம் போடுகிறது: காலை ஆறு மணிக்கு முன் சேவல் கூவக் கூடாது. மீறிக் கூவினால் சேவலின் உரிமையாளருக்கு அபராதம்.

இந்தச் சச்சரவு கற்பனை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவல் விடிகாலையில் கூவுகிறது என்று அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் போனார்கள். 2019இல் தீர்ப்பு சேவலின் பக்கம் வந்தது. 2021இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் கிராமத்து ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டு ஒரு சட்டமே இயற்றியது. ஒரு சேவலின் தொண்டை அவ்வளவு தூரம் போகும்.

ஐந்தாறு விதிகள் யோசித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக நன்றாக இருக்கிறது. ஆனால் கதை நகரவில்லை. ஏன்?

தனித்தனியாக நன்றாக இருப்பதுதான் காரணம். திங்கட்கிழமை சிரிக்கத் தடை, செவ்வாய்க்கிழமை குடைக்கு வரி, புதன்கிழமை நிழலுக்கு உரிமம் என்று அடுக்கினால் அது பட்டியல். மூன்றாவதையும் நான்காவதையும் இடம் மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. இடம் மாற்றினால் கதை உடைய வேண்டும். அதற்கு ஒரே வழி: ஒவ்வொரு விதியும் முந்தைய விதியின் தோல்வியிலிருந்து பிறக்க வேண்டும்.

சேவல் விதிக்கே வருவோம். முதல் நாள் விடிகாலையில் கூவல் கேட்கிறது. எழுத்தர் போய் நிற்கிறார். இருட்டு. பக்கம் பக்கமாக நான்கு வீடுகள். நான்கு வீட்டாரும் "எங்கள் சேவல் இல்லை" என்கிறார்கள். எந்தச் சேவல் என்று நிரூபிக்க வழியில்லை. ஆகவே இரண்டாவது விதி: எல்லாச் சேவல்களுக்கும் காலில் எண் பட்டை கட்ட வேண்டும், எழுத்தர் ஒரு சேவல் பதிவேடு திறக்க வேண்டும்.

இங்கே ஊரும் சும்மா இருக்கக் கூடாது. விதி போட்டால் ஊர் ஒரு சந்து கண்டுபிடிக்கும். 1902இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஹனோயில் எலி ஒழிப்புக்காக ஒரு வாலுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் தெருவில் ஓடின. எலியைக் கொன்றுவிட்டால் அடுத்த குட்டி ஏது? வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அதிகாரிகள் முட்டாள்கள் இல்லை, மக்களும் கெட்டவர்கள் இல்லை. விதி எதை அளந்ததோ அதை மக்கள் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உங்கள் ஊரும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். பதிவேடு வந்ததும் எல்லோரும் தங்கள் சேவலைக் கோழி என்று பதிந்துவிடுகிறார்கள். மாதக் கடைசியில் ஏட்டின்படி ஊரில் ஒரு சேவல்கூட இல்லை. விடிகாலையில் ஊரே அதிர்கிறது.

ஏட்டில் சேவல் இல்லாததால், இனிக் கூவலைக் கேட்டவர்தான் சாட்சி. மூன்றாவது விதி: புகார் கொடுப்பவர் கூவிய நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதித் தர வேண்டும். புகார் வருகிறது, ஐந்து ஐம்பத்தைந்து என்று. எதிர்வீட்டுக்காரர் தன் கடிகாரத்தில் ஆறு ஐந்து என்கிறார். எந்தக் கடிகாரம் சரி? நான்காவது விதி: ஊராட்சி அலுவலகச் சுவர்க் கடிகாரம் காட்டுவதே ஊரின் நேரம். அந்தக் கடிகாரம் பத்து நிமிடம் தாமதம் என்று எழுத்தர் தெரிவிக்கிறார். பழுது பார்க்க மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்க வேண்டும், அதற்குத் தனித் தீர்மானம் வேண்டும். அதைவிட எளிதாக ஐந்தாவது விதி வருகிறது: அலுவலகக் கடிகாரத்தோடு ஒத்துப்போகாத கடிகாரங்களை அவரவர் திருத்திக்கொள்ள வேண்டும்.

சேவலில் தொடங்கி நேரத்தில் வந்து நிற்கிறோம். எந்தப் படியிலும் யாரும் தாவவில்லை. ஒவ்வொரு படியிலும் "அப்புறம் என்ன செய்வது?" என்ற கேள்விக்கு மன்றம் கைக்கு எட்டிய பதிலைச் சொன்னது. எழுதி முடித்ததும் சோதித்துப் பாருங்கள்: இரண்டு விதிகளுக்கு நடுவில் "ஆகவே" என்று போட முடிகிறதா, இல்லை "மேலும்" என்றுதான் போட முடிகிறதா? "மேலும்" வந்தால் அந்த இடத்தில் கதை நின்றுவிட்டது.

இவ்வளவு தூரம் போனால் வாசகர் நம்புவாரா? எந்த ஊரில் இப்படி நடக்கும்?

நடந்திருக்கிறது. திராட்சை மதுவுக்குப் பேர்போன ஷாத்தோநூஃப்-து-பாப் என்ற பிரெஞ்சு ஊரில் 1954 அக்டோபரில் மேயர் ஓர் ஆணை போட்டார். எந்த நாட்டுப் பறக்கும் தட்டும் ஊர் எல்லைக்கு மேலே பறக்கக் கூடாது, இறங்கக் கூடாது. இறங்கினால் உடனே பறிமுதல். அந்த இலையுதிர் காலத்தில் பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டுகளைப் பார்த்ததாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. ஊருக்கு நல்ல விளம்பரம் கிடைத்தது. 2016இல் இருந்த மேயரும் அந்த ஆணையை நீக்க மறுத்துவிட்டார். அங்கதம் எழுதுகிறவருக்கு உண்மையான புதையல் ஆணையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. இதை நிறைவேற்றும் பொறுப்பு ஊர்க் காவலரைச் சேர்ந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. வானத்திலிருந்து இறங்கும் தட்டைப் பறிமுதல் செய்யப் போக வேண்டியவர் அவர். உங்கள் எழுத்தரின் மூதாதை அவர்தான்.

இன்னொரு வகையும் உண்டு. ஸ்பெயினில் லஞ்சரோன் என்ற ஊரின் மேயர் 1999இல் ஊர்மக்கள் இறக்கக் கூடாது என்று அறிவித்தார். இடுகாடு நிரம்பிவிட்டது, புது நிலம் வாங்கும்வரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். 2008இல் பிரான்சின் சார்ப்பூரென்ஸ் கிராமத்தில், இடுகாட்டை விரிவாக்க வழியில்லாமல் போனதும், அங்கே இடம் வாங்கி வைக்காதவர்கள் ஊருக்குள் இறக்கத் தடை என்றும் மீறுவோர் கடுமையாகத் தண்டிக்கப்படுவார்கள் என்றும் ஆணை வந்தது. 2015இல் இத்தாலியின் செல்லியா என்ற சிற்றூரில் நோய்வாய்ப்படத் தடை. ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள் பணம் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

இவற்றைக் கவனித்துப் படியுங்கள். அந்த மேயர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. மேலிடத்தின் கவனத்தை இழுக்க, வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள். நிலம் கிடைக்காதது உண்மை, ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டே போனது உண்மை. விசித்திர விதியின் அடியில் உண்மையான ஒரு குறை இருந்தால் வாசகர் எதையும் நம்புவார். குறை இல்லாமல் வெறும் விசித்திரம் மட்டும் இருந்தால் இரண்டாவது பக்கத்திலேயே மூடிவிடுவார்.

எழுத்தரை எப்படிப்பட்டவராக வைப்பது? பாவப்பட்ட ஆளாகவா, எதிர்த்துக் கேட்கிறவராகவா?

இரண்டும் வேண்டாம். வேலை தெரிந்தவராக வையுங்கள். அவர் தன் வேலையை நன்றாகச் செய்யச் செய்யத்தான் நிலைமை மோசமாக வேண்டும். சோம்பேறி எழுத்தராக இருந்தால் முதல் விதி காகிதத்திலேயே செத்துப்போயிருக்கும், ஊரும் நிம்மதியாக இருந்திருக்கும். கோடு போட்டு, பத்தி பிரித்து, சேவல் பதிவேட்டை அழகாகத் திறந்தவர் அவர். நேரத் தகராறை நாணயமாக மன்றத்துக்குத் தெரிவித்தவரும் அவர். அவருடைய நேர்மை ஒவ்வொரு முறையும் அடுத்த விதிக்கு வழி போட்டுக் கொடுக்கிறது. கதையில் வலி இருப்பது இந்த இடத்தில்தான். பலரும் இதைக் கடந்து சிரிப்புக்கு ஓடிவிடுகிறார்கள்.

அவர் ஏன் கீழ்ப்படிகிறார் என்பதற்கு ஒரு பக்கம் விளக்கம் எழுதாதீர்கள். சம்பளம், குடும்பம், பயம் என்று பட்டியல் போட்டால் அவர் யார் வேண்டுமானாலும் ஆகிவிடுவார். ஒரு காட்சி போதும். பதிவேட்டோடு அவர் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார்:

"பாட்டி, சேவலைக் காட்டுங்க. எண் கட்டணும்."

"சேவல் ஏது தம்பி? கோழிதான் இருக்கு."

கையில் அடங்காமல் திமிறுகிறது பறவை. சிவந்த கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வால் இறகு வளைந்து தொங்குகிறது. எழுத்தர் பதிவேட்டைத் திறக்கிறார். வரிசை எண், உரிமையாளர் பெயர், நிறம், அடையாளம். வயது என்ற பத்திக்கு வந்து நிமிர்கிறார்.

"வயசு?"

"போன மழைக்கு முன்னாடி பொரிச்சது."

அந்த நேரம் பார்த்து அது கழுத்தை நீட்டி முழுசாகக் கூவுகிறது. பாட்டி எழுத்தரைப் பார்க்கிறார். எழுத்தர் பறவையைப் பார்க்கிறார். உரிமையாளர் சொல்வதைப் பதிய வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது. எழுத்தர் பார்ப்பதைப் பதியச் சொல்லவில்லை. பேனாவை எடுத்து "கோழி" என்று எழுதுகிறார். கையெழுத்து வழக்கம்போல் அழகாக இருக்கிறது.

இந்தக் காட்சியில் அவர் கருணையால் அப்படி எழுதினாரா, விதிப்படி எழுதினாரா என்று வாசகருக்குத் தெரியாது. அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதை விளக்கிவிடாதீர்கள்.

மன்ற உறுப்பினர்களை முட்டாள்களாகக் காட்டலாமா?

முட்டாள் ஒருவர் போடும் விதிக்கு வாசகர் ஒரு தடவைதான் சிரிப்பார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு சின்னச் சுயநலம் கொடுங்கள். ஒருவருக்கு மனு கொடுத்தவர் மைத்துனர். ஒருவர் எண் பட்டை செய்து தருவதாக ஏற்கனவே பேசி வைத்திருக்கிறார். ஒருவருக்குக் கூட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும். என்னைக் கேட்டால் மூன்றாவது ஆள்தான் மிக ஆபத்தானவர் என்பேன். ஊருக்குச் சேதம் செய்யும் தீர்மானங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவர் எழுந்து போக அவசரப்பட்டபோது நிறைவேறியவை.

எதிர்க்கிற ஒரு உறுப்பினரும் இருக்கட்டும். ஆனால் அவர் எதிர்ப்பது தவறான காரணத்துக்காக இருக்கட்டும். சேவலுக்கு எண் பட்டையா என்று அவர் கேட்க மாட்டார். பட்டை இடது காலிலா வலது காலிலா என்று அரை மணி நேரம் வாதாடுவார்.

தீர்மானங்களைக் கதைக்குள் அப்படியே எழுதலாமா? படிக்கச் சலிப்பாக இருக்காதா?

அப்படியே எழுதுங்கள், ஆனால் சுருக்கமாக. அலுவலக நடைக்குச் சிரிக்கத் தெரியாது, அதுதான் அதன் பலம். தீர்மான வாசகத்துக்குள் நீங்கள் நகைச்சுவை சேர்த்தால் கெட்டுப்போகும். இப்படி இருந்தால் போதும்:

"பொருள் 4: சேவல் பதிவேட்டின்படி ஊராட்சி எல்லைக்குள் சேவல்கள் ஏதுமில்லை என எழுத்தரால் அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. எனினும் மேற்படி சேவல்கள் ஆறு மணிக்கு முன் தொடர்ந்து கூவி வருவதாகப் புகார்கள் வரப்பெற்றுள்ளன. பரிசீலிக்கப்பட்டது. இல்லாத சேவல்கள் கூவும் நேரத்தைப் புகார்தாரர் குறிப்பிட வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

"மேற்படி" என்ற ஒரு சொல் என்ன செய்கிறது பாருங்கள். இல்லாத சேவலைச் சுட்டிக்காட்டுகிறது. செயப்பாட்டு வினைகளைக் கவனியுங்கள்: யார் சமர்ப்பித்தார் என்று வருகிறது, யார் தீர்மானித்தார் என்று வரவில்லை. எழுத்தர் மட்டும் பெயரோடு நிற்கிறார், மன்றம் "தீர்மானிக்கப்பட்டது" என்பதற்குள் மறைந்துகொள்கிறது. கதையின் நியாய அநியாயம் முழுவதும் அந்த இலக்கணத்தில் இருக்கிறது.

ஒரு தீர்மானம் நான்கைந்து வரியைத் தாண்டக் கூடாது. அதை ஒட்டியே எழுத்தர் தெருவில் இறங்கும் காட்சி வர வேண்டும். காகிதம், தெரு, காகிதம், தெரு என்று மாறி மாறிப் போனால் சலிப்பு தட்டாது. தீர்மானங்களை மட்டுமே வைத்து முழுக் கதையையும் எழுதிப் பார்க்கலாம்தான். ஆனால் பாட்டியின் கையில் திமிறும் சேவலை அந்த வடிவத்தில் எங்கே வைப்பீர்கள்?

எழுத்தரே கதை சொல்லட்டுமா?

கூடுமானவரை வேண்டாம். "நான்" என்று அவர் பேசத் தொடங்கினால் புலம்பல் வந்துவிடும், இல்லாவிட்டால் புத்திசாலித்தனம் வந்துவிடும். படர்க்கையில், அவர் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லுங்கள்.

எத்தனை விதிகள் போதும்?

மூவாயிரம் சொல் கதைக்கு ஐந்து. முதல் இரண்டையும் விரிவாக எழுதுங்கள், மூன்றாவதையும் நான்காவதையும் வேகமாகக் கடந்துவிடுங்கள். அதற்குள் வாசகருக்கு இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பிடிபட்டிருக்கும். ஐந்தாவதை மறுபடி நிதானமாக எழுதுங்கள். ஆறாவது ஒன்று தோன்றினால், முன்பு போட்ட ஒன்றைவிட அது நல்லதா என்று பாருங்கள். நல்லதாக இருந்தால் பழையதை எடுத்துவிடுங்கள்.

எப்படி முடிப்பது என்றே தெரியவில்லை. எழுத்தர் ராஜினாமா செய்துவிடலாமா?

ராஜினாமா, மன்றத்தின் முன் ஆவேசப் பேச்சு, மேலதிகாரி வந்து எல்லாவற்றையும் ரத்து செய்வது: இந்த மூன்றும்தான் வழக்கமாக வருகின்றன. மூன்றிலும் கோளாறு ஒன்றே. கதைக்கு வெளியிலிருந்து ஒன்று வந்து கதையை நிறுத்துகிறது. விதிகள் தாமாகவே ஓடி ஒரு சுவரில் முட்டி நிற்க வேண்டும்.

நம் ஊரில் அந்தச் சுவர் தயாராக இருக்கிறது. அலுவலகக் கடிகாரம் ஒரு நாள் விடிகாலை ஐந்து ஐம்பதுக்கு நின்றுவிடுகிறது. சாவி கொடுக்க வேண்டும். ஆனால் நான்காவது விதிப்படி ஊரின் நேரம் ஐந்து ஐம்பது. அலுவலகம் திறப்பது பத்து மணிக்கு. பத்து மணி வரப்போவதில்லை. விதியை மாற்ற மன்றம் கூட வேண்டும். கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்று அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது, பதினொன்றும் வரப்போவதில்லை. சூரியன் உச்சிக்கு வருகிறது. இன்னும் ஆறு ஆகவில்லை என்பதால் ஊரில் கூவும் ஒவ்வொரு சேவலும் குற்றவாளி. நோட்டீஸ் புத்தகமும் ரசீதுப் புத்தகமும் பூட்டிய அலுவலகத்துக்குள். எழுத்தர் கையில் சாவிக்கொத்தோடு வாசற்படியில் நிற்கிறார். உறுப்பினர்கள் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பதினொரு மணிக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தக் கட்டத்தை மன்றம் தீர்மானம் போட்டு உண்டாக்கவில்லை. போட்ட தீர்மானங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கின.

இனி எழுத்தர் என்ன செய்வார்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன். அவர் பூட்டைத் திறந்து உள்ளே போகிறார், நாற்காலியில் ஏறிக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார். முள்ளைப் பதினொன்றுக்கு நகர்த்துகிறார். இறங்கி வந்து, அலுவலக நேரத்துக்கு முன் உள்ளே நுழைந்ததற்காகத் தன் பெயருக்கே ஒரு நோட்டீஸ் எழுதுகிறார், அபராதத்தைக் கட்டுகிறார், தனக்கே ரசீது கிழித்துக்கொள்கிறார். எதிர்ப்பு இல்லை, பணிவும் இல்லை. விதிப்படி செய்யக்கூடிய ஒரே விதிமீறலைச் செய்கிறார்.

பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்குகிறது. முதல் பொருள், அனுமதியின்றி அலுவலகத்துக்குள் நுழைந்த ஊழியர் மீது நடவடிக்கை. கூட்டக் குறிப்பை எழுத வேண்டியவர் அவர்தான். அவர் பேனாவைத் திறக்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். சேவலைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் பேச வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ஊராட்சியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பிரச்சினை வருமா?

அடையாளம் தெரிகிற மாதிரி எழுதினால் வரலாம். பதவி, உடல் தோற்றம், உறவு, ஊரின் அமைப்பு என்று எதையெல்லாம் வைத்து ஓர் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமோ அவற்றில் பெரும்பாலானதை மாற்றிவிடுங்கள். பிறகு ஒன்றைப் பாருங்கள்: அந்த மனிதரைத் தெரியாத ஒருவர் படித்தாலும் கதை நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் நீங்கள் இதுவரை எழுதியது அவர் மீதான புகார் மனு. விதிச் சங்கிலியை வெளியே எடுத்து, அவர் இல்லாத ஓர் ஊரில் முதல் தீர்மானத்திலிருந்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.